சகலையின் பன்னிரண்டு லட்சம்

கணக்காளருக்குத் தன் சகலையைக் கண்டாலே வயிறு எரியும். வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சம் என்று அவர் ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பார். இப்போது சகலை வேலை பார்க்கும் நிறுவனமே இவரையும் வேலைக்கு அழைத்தது: நிலையான சம்பளம் எட்டு, ஊக்கத்தொகை நான்கு. இன்னொரு நிறுவனம் பத்தும், ஊக்கத்தொகை ஒன்றும், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் தருவதாகச் சொன்னது.

“பன்னிரண்டுதாண்டி பெரிசு!” என்றார் மனைவியிடம்.

மனைவி தன் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டு வந்தாள். “அத்தானுக்கு வருஷா வருஷம் ஊக்கத்தொகை பாதிதான் கைக்கு வருதாம். அங்க மொத்தம் பத்துதான். இங்க ஊக்கத்தொகை ஒண்ணையும் முழுசா குடுக்கறாங்கன்னு நீங்கதானே விசாரிச்சீங்க? பதினொண்ணு. நாம காப்பீட்டுக்குக் கட்டுற அரை லட்சமும் மிச்சம்.”

சகலைக்கு வெறும் பத்தா! கணக்காளர் குதூகலமாக இரண்டாவதில் கையெழுத்திட்டார்.

மறுவாரமே சகலை வந்து நின்றார். “தம்பி, உங்க ஆபீஸ்ல இன்னொரு ஆள் வேணுமாமே?”

“ஆள் எடுத்தாச்சண்ணே!” என்று அவசரமாகப் புளுகினார் கணக்காளர். வயிறு மறுபடி எரியத் தொடங்கியிருந்தது.