வெள்ளைக்கல்லும் கடலை இலையும்

அன்றைக்குத் தோட்டத்தில் நின்றவர்கள் நாலு பேர்: நான், அப்பா, வேளாண்மை அலுவலர் மேடம், செங்கல் சூளையின் மேனேஜர். வராதவர்கள் இரண்டு பேர்: சூளை முதலாளி, புகையை அளக்கக் கருவியோடு வருவதாக மூன்று முறை தேதி சொன்ன மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இன்ஜினியர். இவ்வளவு பேரையும் கூட்டியது என்னுடைய மனு.

எழுமலைக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து அப்பா கடலை போட்டிருந்தார். மாசி பாதியில் அடியிலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்தது. அவர் ஒரு இலையைச் சட்டைப் பையில் மடித்துப்போட்டுக் கொண்டு மருந்துக் கடைக்குப் போனார். எங்கள் பக்கம் பயிருக்கு வைத்தியம் பார்ப்பது அப்படித்தான். கடைக்காரர் கசங்கிய இலையைப் பார்த்துச் சிலந்திப்பூச்சி என்றார், ஒரு பாட்டில் கொடுத்தார். புள்ளி நிற்கவில்லை. அடுத்த பாட்டில். அதற்கும் அடுத்தது.

மூன்றாவது பாட்டிலுக்குப் பிறகு நான் தலையிட்டேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள், அதுவும் வேதியியல். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சூளையில் நிலக்கரியும் பழைய டயரும் எரிக்கிறார்கள், அதில் கந்தகம் இருக்கிறது, அதுதான் பயிரைத் தின்கிறது என்று எழுதி, நஷ்டஈடு கேட்டுக் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தேன். கைவசம் சாட்சியும் இருந்தது. சூளைக்கு மேற்கே கோயில் வாசலில் முதலாளியே உபயமாகப் போட்ட வெள்ளை மார்பிள் தளம், ஏழெட்டு வருஷத்துக்குள் பளபளப்புப் போய், விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது.

மேடம் முதலில் கோயிலுக்குத்தான் போனார். மழை படாத ஓரத்தில் கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்ததைச் சாவியால் சுரண்டினார். மார்பிள் சுண்ணாம்புக்கல்தான் என்றும், கந்தகப் புகை பனி ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி அதை ஜிப்சமாக்கிவிடுகிறது என்றும், அது உப்பித் தானே உரிந்துவிடும் என்றும் மேனேஜரிடம் விளக்கினார். மேனேஜர் மறுக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஜெயித்தாயிற்று என்றே நினைத்தேன்.

பிறகு தோட்டம். மேடம் ஒரு இலையைப் பறித்துத் திருப்பினார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. பூச்சியும் இல்லை, நூலாம்படையும் இல்லை. புள்ளி மேல்பக்கம் மட்டும், நரம்புகளுக்கு நடுவில் மட்டும். கொழுந்தில் ஒன்றுமே இல்லை. கந்தகம் என்றால் நரம்புக்கு இடையில் இரண்டு பக்கமும் வெளுத்திருக்க வேண்டும் என்றார்.

"தம்பி, இந்த மாசம் காத்து எங்கிருந்து அடிக்கும்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்: "கிழக்காத்துதேன், மேடம்."

சூளை எங்களுக்கு மேற்கே இரண்டு கிலோமீட்டர். அதன் புகை எங்களை விட்டு விலகித்தான் போய்க்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் காற்றில் நிற்கிறேன். மனு எழுதும்போது திசையை நினைக்கவில்லை.

"இது ஓசோன், ஐயா. மதுரையில ஓடுற வண்டி, பஸ்ஸு, லாரி எல்லாம் விடுற புகை வெயில்ல வெந்து ஓசோனா மாறி, காத்தோட இங்க வந்து சேருது. ஊருக்குள்ள இருக்கிறதைவிடச் சில நேரம் இங்கதான் கூடுதலா இருக்கும். இலை மூச்சு விடுற ஓட்டைக்குள்ள போயி உள்ளே அரிச்சிரும். இலை வேலை செய்யலன்னா காய் எப்படிப் பிடிக்கும்?"

உயரத்தில் இருந்தால் வெயிலின் கெடுதலைத் தடுப்பது, தரைப்பக்கம் வந்தால் விஷம். மூன்றாம் வருஷப் பாடத்தில் படித்ததுதான். பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியும் இருக்கிறேன்.

மேனேஜர் சிரிப்பை அடக்கவில்லை. "மாப்ள, அம்புட்டு வண்டிக்காரய்ங்களுக்கும் இனி தனித்தனியா மனு எழுதணும்ல?"

அப்பா அவரைக் கவனிக்கவில்லை. "அப்ப நஷ்டத்தை யாருகிட்டப் போயிக் கேக்க?"

மேடம் பேனாவை மூடினார். வறட்சி, வெள்ளம், பூச்சி என்று எல்லாவற்றுக்கும் நஷ்டஈட்டுப் படிவத்தில் கட்டம் இருக்கிறதாம், காற்றுக்கு இல்லையாம். இனி மருந்து அடிக்க வேண்டாம், அடுத்த தடவை வேறு ரகம் போட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பயிர்ச்சேதத்துக்குச் சூளை காரணமில்லை என்று அறிக்கை போய்விட்டது.

சூளை முதலாளி ஒரே மாதத்தில் மார்பிளைப் பெயர்த்துவிட்டுக் கிரானைட் போட்டார். கிரானைட்டைக் கந்தகம் சீக்கிரம் தின்னாது. டயர் எரிவது நிற்கவில்லை. சட்டைப் பையில் இலையோடு ஆட்கள் அந்த மருந்துக் கடைக்கு இன்னும் போகிறார்கள். கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன், காற்றுக்குத் தன்னிடம் பாட்டில் இல்லை என்றார்.

வழக்கமாக இருபத்திரண்டு மூட்டை கிடைக்கும் நிலத்தில் பதினேழுதான் தேறியது. குறைந்த ஐந்து மூட்டைக்குப் பதினைந்தாயிரம். இல்லாத பூச்சிக்கு அடித்த மருந்தும் அடிகூலியும் நாலாயிரத்து இருநூறு. என் மனுவுக்காக அலைந்த பஸ்ஸும் ஜெராக்ஸும் ஆயிரத்து முந்நூறு. ஆக மொத்தம் இருபதாயிரத்து ஐந்நூறு ரூபாய்.