ஆறாவது வரியில் கிடந்த வெடிப்பு

சுலக்ஷனா இலங்கை மலையகத்தில், கினிகத்தேனைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நலன்புரி அலுவலர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து ஆபீஸில் வேலைக்குப் போனவள். அந்தக் கூச்சம் போகவில்லை. தோட்டத்தை நடத்தும் துரைமாருக்கு எதை எழுதினாலும் மன்னிப்பில்தான் தொடங்குவாள்.

ஜூன் மாதம், மழையின் மூன்றாம் நாள் காலை, ஐந்தாம் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருப்பதைப் பார்த்தாள். உதவி துரை கிஷாந்துக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள்:

"மன்னிக்கணும் சேர், தொந்தரவு பண்றதுக்கு. நீங்க பிஸியா இருப்பீங்கன்னு தெரியும். திரும்பவும் மன்னிக்கணும். பெரிய விஷயமா இல்லாமலும் இருக்கலாம், எனக்குச் சரியாத் தெரியல. முடிஞ்சா ஒருக்கா பார்த்தா நல்லம்னு நினைக்கிறேன். அஞ்சாம் லயத்துக்குப் பின்னால லேசா வெடிப்பு மாதிரி இருக்கு. சொரி சேர்."

பதினொரு மணிக்குப் பின்னால் இருந்த மேடு லயத்தின் மேல் சரிந்தது. எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார்கள். காய்ச்சலோடு படுத்திருந்த வேலாயி மட்டும் உள்ளே இருந்தாள்; மண்ணுக்குள் புதைந்து செத்துப்போனாள்.

"மெசேஜ் வந்தது தெரியும்," என்றார் கிஷாந்த். முகம் வெளிறியிருந்தது. "மேல ரெண்டு வரிதான் தெரிஞ்சுச்சு. லீவு கேக்குறீங்கன்னு நினைச்சு திறக்கல."

வேலாயியின் புருஷன் இராமையாவிடம் போய் சுலக்ஷனா நின்றாள். "நான் எழுதின விதம் தப்புங்க. மன்னிச்சிருங்க."

அவர், "சொன்னியாமே புள்ள. ஒருத்தருக்கும் கேக்கலையாமே," என்றார்.

அன்றிரவு தன் பழைய மெசேஜ்களை எல்லாம் படித்தாள். எத்தனை 'சொரி'! தப்புச் செய்த இடத்தில் கேட்டது ஒன்றுகூட இல்லை.

ஒக்டோபரில் மூன்றாம் லயத்துக்குப் பின்னால் அதே மாதிரி வெடிப்பு. "மூணாம் லயம் ஆபத்து. ஆட்களை அகற்றவும்," என்று தட்டினாள். பொலிஸ் நோட்டீஸ் போல இருந்தது. என்ன ஆபத்து, ஆட்களை எங்கே கொண்டுபோவது என்றும் அதில் இல்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பதும் இல்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்:

"கிஷாந்த் சேர், மூணாம் லயத்துக்குப் பின்னால மண் வெடிச்சிருக்கு. விரல் நுழையுது, ஊத்துத் தண்ணி சேறா வருது. பதினொரு குடும்பமும் இப்பவே பள்ளிக்கூடத்துக்கு இறங்கணும். லொறி அனுப்புங்க. அழகம்மாவுக்கு நிறைமாசம், அவங்களை முதல்ல ஏத்தணும். நீங்க வர்ற வரைக்கும் நான் இவங்களோட நிக்கிறேன்."

'ஒருவேளை' என்று சேர்க்க விரல் போனது. எது தெரியாதோ அதற்குத்தான் அந்தச் சொல். வெடிப்பைக் கண்ணால் பார்த்தாயிற்று. அப்படியே அனுப்பினாள்.

இரண்டு நிமிஷத்தில் கிஷாந்த் அழைத்தார். "வர்றேன். அழகம்மாவை நடக்க விடாதீங்க."

மத்தியானத்துக்குள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். மேடு அன்று சரியவில்லை. எட்டு நாள் கழித்து, போக்கிடம் இல்லாமல், பதினொரு குடும்பமும் அதே லயத்துக்கே திரும்பின. அவர்களுக்குப் புது வீடு கட்டத் தோட்ட நிர்வாகம் இன்னும் இடம் ஒதுக்கவில்லை.