டீச்சரக்காவின் கழுத்து

எங்கள் ஆபீஸ் டீச்சரக்கா பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் கேட்டு டைப் செய்பவர். யார் தப்பு விட்டாலும் பிடித்துவிடுவார், அதனால் அந்தப் பெயர். வயது ஐம்பத்திரண்டு, சர்வீஸ் பத்தொன்பது வருஷம். எனக்கு அவர் பக்கத்து நாற்காலி.

கழுத்து வலிக்கிறது என்று அவர் சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். திரையின் மேல்விளிம்பு கண் உயரத்துக்கு வர வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அரைகுறை படிப்பு ஆளைக் கொல்லும். இரண்டு தடி அகராதிகளை அடுக்கி, அவர் திரையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.

"பாருங்கக்கா, வலி பறந்துடும்."

பறக்கவில்லை. மூன்று வாரத்தில் பின்மண்டை வரை ஏறியது. எலும்பு தேய்ந்துவிட்டது, விரல் ஓயும், அப்புறம் யார் வேலை தருவார் என்று அக்காவுக்குள் பயம் புகுந்துகொண்டது. ஒருநாள் அவர் டிராயரில் ராஜினாமா கடிதத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை தேதி போட்டிருந்தது.

வியாழக்கிழமை மல்லுக்கட்டி ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கூட்டிப்போனேன். அவர் அக்காவின் கைகளின் பலத்தைப் பார்த்தார், மரத்துப் போகிறதா என்று கேட்டார். நரம்புக் கோளாறு தெரியவில்லை என்றார். அக்கா நம்பவில்லை. "வேலை செய்யும்போது பக்கவாட்டுல எடுத்த போட்டோ இருக்கா?" என்று பிசியோதெரபிஸ்ட் என்னிடம் கேட்டார். போன வாரம் ஆபீஸ் பிறந்தநாள் கூத்தில் நான் எடுத்த படம் ஒன்றில் அக்கா ஓரமாக உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருந்தார்.

அவர் படத்தைப் பெரிதாக்கினார். "தாடை ஏன் இப்படி மேல போகுது? கண்ணாடி பைஃபோகலா?"

ஆமாம். படிக்கும் பவர் கண்ணாடியின் கீழ்ப்பாதியில். உயரே இருக்கும் திரையை அதன் வழியாகப் பார்க்க அக்கா நாள் முழுக்க முகத்தை அண்ணாந்து வைத்திருந்தார். காலும் தரையைத் தொடவில்லை.

"அந்த ஸ்க்ரீனை யார் தூக்கி வச்சது?"

நான் மெல்லக் கையைத் தூக்கினேன்.

மறுநாள் காலையிலேயே அகராதிகளை எடுத்தேன். தாடை நேராகும்வரை திரையை இறக்கி, லேசாகப் பின்னால் சாய்த்தோம். முழங்கை மேசை மட்டத்துக்கு வர நாற்காலி அந்த உயரத்தில்தான் இருக்க வேண்டும். அதனால் காலுக்குக் கீழே காகிதக் கட்டு ஒன்று. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது, தோளைச் சுழற்றுவது, தாடையை மெல்லப் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணுவது. வலி ஒரே நாளில் போகவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை கடிதம் டிராயரைவிட்டு வெளியே வரவில்லை. மாதக் கடைசியில் அக்கா அதைக் கிழித்தார்.

நான் சிரித்துக்கொண்டே கும்பிட்டேன். "மன்னிச்சிருங்கக்கா, அகராதி வச்சது என் தப்பு."

"அது தப்பில்ல. நல்லதுக்குத்தான வச்ச," என்றார். பிறகு மெதுவாக, "மூணு வாரம் பக்கத்துலயே உக்காந்திருந்த. வலி போச்சான்னு ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல?"

தப்பைப் பிடிப்பதில் டீச்சரக்காவை அடிக்க ஆளில்லை.