கடைசிப் பத்தி

என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆனபோது எங்கள் பட்டறைக்கு ஐந்தாம் ஆண்டு வந்தது. கப்பலூரில் ஒரு ஷெட், ஆறு ஆட்கள், பம்புசெட்டுக்குப் போடும் ரப்பர் வாஷர். எங்கள் தொழிற்சாலை என்பது அவ்வளவுதான். எட்டு மாதமும் நான்தான் திருநகரிலிருந்து பஸ்ஸில் போய்த் திறந்தேன், பூட்டினேன். துக்கமாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால் பதில் தெரியாது. பல் பிடுங்கும் முன் ஊசி போடுவார்களே, அப்போது கன்னம் இருப்பதுபோல இருந்தேன்.

டவுனில் பம்புசெட் கடைக்காரர்கள் பாதிப் பேர் பட்டறையை மூடிவிட்டோம் என்று நினைத்தார்கள். மீதிப் பேர் என் கணவரின் அண்ணன், என் அத்தான், எடுத்து நடத்துகிறார் என்று நினைத்தார்கள். அப்படி நினைக்க வைத்தவர் அவரேதான். திருமங்கலத்துப் பக்கம் நிலம் நீச்சோடு இருக்கிற மனிதர். வாஷருக்கும் வளையலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் பார்க்கிற கடைக்காரரிடமெல்லாம், "இனி எதுனாலும் எங்கிட்டப் பேசுங்கண்ணே" என்று சொல்லி வைத்திருந்தார். கெட்ட எண்ணம் இல்லை. ஒரு பொம்பளை என்ன செய்துவிட முடியும் என்கிற நல்லெண்ணம்தான். ஆர்டர்கள் அவர் வீட்டுக்குப் போய், அங்கேயே கிடந்தன.

புது அழுத்த இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்திருந்தது. என் கணவர் இருக்கும்போதே சொல்லி வைத்தது. ஐந்தாம் ஆண்டையும் இயந்திரத்தையும் சேர்த்து ஒரு சின்ன விழா வைத்து, பேப்பரில் செய்தி வந்தால் பட்டறை ஓடுகிறது, நான் நடத்துகிறேன் என்று ஊருக்குத் தெரியும். எனக்கு வேண்டியது அதுதான். அத்தானிடம் சொன்னபோது அவரும் சந்தோஷப்பட்டார். செய்தியை அவரே எழுதியும் கொடுத்தார்.

நான்கு பத்தி. முதல் பத்தியில் மறைந்த நிறுவனரின் படத்துக்கு மாலை. இரண்டாவதில் அத்தான் வரவேற்று, இயந்திரத்தையும் இயக்கி வைக்கிறார். மூன்றாவதில் தொழிற்பேட்டைச் சங்கத் தலைவர் பேசுகிறார். நான்காவதில், கடைசி வரியில், நான் நன்றி கூறுகிறேன்.

"நல்ல காரியத்துல நீ முன்னால நிக்கக்கூடாது தாயி. கடைசில வந்து நன்றி சொல்லு, அதான் மொறை" என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. லெட்டர்ஹெட்டில் கார்பன் வைத்து அப்படியே எழுதினேன்.

விழாவுக்கு முதல் நாள் பேப்பர் ஆபீசுக்குப் போனேன். உள்ளூர்ச் செய்தி பார்க்கிற நிருபர், காதில் பேனா செருகிய நடுத்தர வயதுக்காரர், தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் எழுதியிருந்ததில் அவருக்குத் திருப்தி. பிறகு பேனாவை எடுத்து, "தரத்தில் தலைசிறந்த" என்பதை அடித்தார். "அனைவரின் பாராட்டையும் பெற்ற" என்பதையும் அடித்தார்.

"இதெல்லாம் விளம்பரம்மா. இது வேணும்னா கீழ கவுண்டர்ல காசு கட்டிப் போடணும். செய்தின்னா யாரு, என்ன, எங்க, எப்ப. அம்புட்டுதான்."

நாளை நடக்கப்போவதை நடந்து முடிந்த மாதிரி எழுதியிருக்கிறோமே, சரிதானா என்று கேட்டேன். "அப்படித்தான் எழுதணும். நாளைக்கு விழா முடிஞ்சதும் ஒரு போன் போட்டு, எழுதுனபடி நடந்துச்சுன்னு சொல்லுங்க, போட்டுருவோம். போட்டோ எடுத்தா அஞ்சு மணிக்குள்ள அனுப்புங்க, பின்னால இடமிருந்து வலமாப் பேரெழுதி. ஆனா படத்துக்கு நான் கேரண்டி இல்ல."

பிறகு ஒரு விரலைக் கடைசிப் பத்தியில் வைத்தார். "இது நிக்காது. இடம் பத்தலைன்னா நாங்க அடியிலேருந்துதான் வெட்டுவோம். மேல இருந்து வாசிச்சு வாசிச்சு வெட்ட இங்க யாருக்கு நேரம் இருக்கு? எது போனாப் பரவாயில்லையோ அதை அடியில போடுங்க."

வெட்டினால் போவது நான்தான். கேட்டு ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து திரும்ப எழுதினேன். "கப்பலூரில் இயங்கிவரும் ரப்பர் வாஷர் நிறுவனத்தின் ஐந்தாம் ஆண்டு விழாவில், புதிய அழுத்த இயந்திரத்தை நிறுவனத்தை நடத்திவரும் உரிமையாளர் இயக்கி வைத்தார்" என்று என் பெயரோடு ஆரம்பித்தேன். சங்கத் தலைவர் இரண்டாவது பத்தி. அத்தானின் வரவேற்பு மூன்றாவது. முதல் பத்தியில் இருந்த மாலை இறங்கி இறங்கி நான்காவதுக்கு வந்தது. அதை நான் யோசித்துச் செய்யவில்லை. மற்றதெல்லாம் மேலே போனபின் மிச்சமிருந்த இடம் அது. கையெழுத்துப் போட்டு, பட்டறை முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் விழா. அக்கா, அதாவது அத்தானின் மனைவி, விளக்கேற்றினாள். பச்சைப் பொத்தானைச் சுற்றிச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அத்தான் துண்டைச் சரிசெய்துகொண்டு இயந்திரத்துக்கு முன்னால் வந்தார்.

"அத்தான், நான் அமுக்குனதா பேப்பருக்கு எழுதிக் குடுத்துட்டேன்" என்றேன்.

"என்ன தாயி சொல்ற?"

"நேத்தே குடுத்தாச்சு. கையெழுத்துப் போட்டு."

அவர் சங்கத் தலைவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பத்திரம், பட்டா, பத்திரிகை என்று அச்சில் வருவது எதற்கும் அவரிடம் பெரிய மரியாதை உண்டு. அச்சில் வந்தபின் அது பொய்யாகிவிடக் கூடாது என்கிற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. ஒதுங்கி வழிவிட்டார். நான் பொத்தானை அமுக்கினேன். இயந்திரம் ஓடியது, எல்லோரும் கை தட்டினார்கள். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குள் எதுவும் துள்ளவில்லை. எழுதினபடியே நடந்தது என்று நிருபருக்குப் போன் செய்தேன்.

அடுத்த நாள் காலை அத்தான் பேப்பரோடு பட்டறைக்கே வந்துவிட்டார். நிற்கும்போதே சத்தமாக வாசித்தார். என் பெயர், இயந்திரம், கப்பலூர், சங்கத் தலைவர், தன் வரவேற்பு. தன் பெயர் வந்த இடத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அதோடு செய்தி முடிந்தது. கீழே கோடு, அதற்குக் கீழே காளவாசலில் ஏதோ ஒரு கடைத் திறப்பு. அவர் விரலை வைத்துத் திரும்பவும் மேலிருந்து தேடினார்.

"எங்க தாயி, தம்பியக் காணோம்?"

மிச்சம் அடுத்த பக்கத்தில் இருக்கும் என்று நினைத்து அவர் தாளைப் புரட்டினார். அந்தப் பக்கம் முழுக்க வரி விளம்பரம். அதையும் விரல் வைத்துப் பார்த்தார்.

"அடியில போட்டிருந்தேன் அத்தான். வெட்டிட்டாங்க."

அவர் பேப்பரை நாலாக மடித்து மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எது போனால் பரவாயில்லையோ அதை அடியில் போடச் சொன்னார் அந்த நிருபர். நான் என் கையால் என் கணவரைத்தான் போட்டிருக்கிறேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக, வாஷர் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஆட்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தூர நின்றார்கள்.

அப்போதுதான் போன் அடித்தது. என் கணவர் மூன்று வருஷம் அலைந்து வாங்கிய போன். டவுனிலிருந்து ஒரு கடைக்காரர். பேப்பரைப் பார்த்தாராம், ஐம்பது குரோஸ், அதாவது ஏழாயிரத்து இருநூறு வாஷர் வேண்டுமாம்.

"முதலாளியம்மா இருக்காங்களா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "நான்தான் பேசுறேன்" என்றேன்.