திருத்தப்பட்டிருக்கலாம்

கூட்டுறவுத் துறையில் ஓய்வு பெற்றவனுக்கு ஒரு பயன் உண்டு. சங்கங்களில் யாரையாவது வேலையை விட்டு அனுப்ப நினைத்தால், அதை முறைப்படி செய்ய உள்விசாரணை அலுவலர் ஒருவர் வேண்டும். வெளியாள், விதி தெரிந்தவர், காலையில் வேறு வேலை இல்லாதவர். ஆரணியில் அப்படி மூன்று பேர் இருந்தோம். ஒருவருக்குக் காது கேட்காது. ஒருவர் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றில் டிசைனராக இருந்த பெண் மீதுதான் விசாரணை. புடவைக் கரைக்கும் முந்திக்கும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகக் கிராஃப் போடுவது அவள் வேலை. அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள்; அட்டையைக் கோத்துத் தறி மேலே இருக்கும் ஜக்கார்டில் மாட்டினால் புடவையில் மயில் வரும். பன்னிரண்டு வருடமாக அந்தச் சங்கத்து மயில்கள் எல்லாம் அவளுடையவை. இப்போது ஒரு மயில் சேவூர்ப் பக்கம் பவர்லூமில் வந்துவிட்டது. அவள்தான் கொடுத்தாள் என்பது குற்றச்சாட்டு. ஆதாரம் ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்.

அதைக் கொண்டுவந்தவர் சங்கத்தின் நிர்வாகக் குழு இயக்குநர். பவர்லூம்காரர் ஒருவரின் போனில் எடுத்தது என்றார். குற்றச்சாட்டுக் குறிப்பாணை அவள் கைக்குப் போகும் முன்பே உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுவிட்டார். விளக்கம் கேட்கும் முன் தண்டனை கொடுத்துவிடுவது ஒரு புதிய நடைமுறை. நான் பணியில் இருந்தபோது இவ்வளவு வேகம் கிடையாது.

அவள் முதல் நாள் விசாரணைக்கு வந்து உட்கார்ந்து ஒரே ஒரு விஷயம் கேட்டாள்.

"நான் அனுப்பல சார். அனுப்பாததை எப்பிடி சார் காட்டறது?"

வேலை போனால் வேறு சங்கமோ கடையோ அவளை டிசைன் அறைக்குள் விடாது. கதவுக்கு வெளியே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இயக்குநருக்கும் தெரியும்.

படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே 'டிசைன் அக்கா' என்று பெயர். நம்பர் இல்லை. எந்த நம்பரையும் யாரும் அந்தப் பெயரில் சேமித்துக்கொள்ளலாம் என்று முதல் குறிப்பு எழுதினேன். அதன் கீழே 'இன்று'. பிறகு மூன்று செய்திகள். அவளுடையது, 'மத்தியானம் சொல்றேன்', மணி 10:38. மறுபடி அவளுடையது, 'மயில் கரை அட்டையை போட்டோ எடுத்து அனுப்பறேன், யாருக்கும் சொல்லாத', மணி 10:41. கடைசியில் போன்காரருடையது, 'சரிக்கா', மணி 10:39.

பத்து நாற்பத்தொன்றுக்குக் கீழே பத்து முப்பத்தொன்பது உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. நடுச் செய்தியின் எழுத்துகள் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் மெலிசு. 10:41-இல் உள்ள ஒன்றுகளுக்கு அடியில் சிறு கோடு உண்டு; மற்ற மணிகளில் உள்ள ஒன்றுகள் வெறும் குச்சிகள். ஒரே போன், ஒரே திரை, அடுத்தடுத்த வரிகள். அதில் எழுத்துரு மாறக் காரணமில்லை. ஒருவரே அடுத்தடுத்து இரண்டு செய்தி அனுப்பினால் இரண்டாவது செய்திப் பெட்டி முதல் பெட்டியை ஒட்டினாற்போல வரும். ஓரத்து மூக்கு முதல் பெட்டிக்கு மட்டும்தான். இங்கே இரண்டாவது பெட்டிக்கும் மூக்கு இருந்தது, இடைவெளியும் அதிகம். பெட்டியின் விளிம்பில், பின்னணியில் இருந்த பூக்கோலம் ஒரு மயிரிழை தள்ளி ஒட்டியிருந்தது.

இதெல்லாம் போக, படத்தின் உச்சியில் போனின் கடிகாரம் 10:35 காட்டியது. இன்று பத்து நாற்பத்தொன்றுக்கு வரப்போகும் செய்தியை இன்று பத்து முப்பத்தைந்துக்கே படம் பிடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அவள் போனையும் வாங்கிப் பார்த்தேன். அந்தப் பவர்லூம்காரரோடு நடந்த உரையாடல், அதே 10:38, அதே 10:39. ஸ்கிரீன்ஷாட்டில் தெரியாதபடி மேலே தள்ளிவிட்ட பகுதி அதில் இருந்தது: ஜக்கார்டு மெக்கானிக் நம்பர் வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். 'மத்தியானம் சொல்றேன்' அதற்குப் பதில். உடனே கீழே 'சரிக்கா'. நடுவில் ஒன்றுமில்லை. மத்தியானம் ஒரு நம்பர் போயிருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருந்தது. டிசைன் திருடுகிறவள் அட்டையைப் போட்டோ எடுக்க மாட்டாள். நூற்றுக்கணக்கான அட்டைகளை மடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். போட்டோவில் துளைகள்கூட ஒழுங்காகத் தெரியாது. அவளிடம் கிராஃப் ஃபைல் இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் போய்விடும். அவள் வாயில் எப்போதும் கிராஃப்தான். தறி மேலே தொங்குவதை மட்டும் பார்த்தவர்தான் அட்டை என்று எழுதுவார். இதையும் குறித்துக்கொண்டேன்.

அன்றே அறிக்கை எழுதி முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் எனக்குப் பயிற்சி அப்படி இல்லை. ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே, இதற்கு வேறு விளக்கம் இருக்க முடியுமா என்று ஒரு பத்தி எழுதிப் பழக்கம்.

போனின் மேல் ஓரத்துக் கடிகாரம் முற்பகல், பிற்பகல் காட்டுவதில்லை. காலைச் செய்தியை இரவு பத்து முப்பத்தைந்துக்குப் படம் எடுத்திருந்தால் அதில் தவறே இல்லை. நெட் இல்லாத நேரத்தில் செய்திகள் முன்பின்னாக வந்து உட்காருவதும் உண்டு. அவள் போனில் அந்த வரி இல்லாததும் முடிவான சான்று அல்ல. தனக்கு மட்டும் நீக்கிக்கொண்டால் சுவடே இருக்காது. எழுத்துரு, மூக்கு, பூக்கோலம், இவற்றுக்கு விளக்கம் கிடைக்கவில்லை. ஆனால் என் கையில் இருந்தது நாலு பேர் கை மாறி வந்த நகல். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் படம் நசுங்கும், விளிம்புகள் மங்கும். படத்தை எடுத்த போன் வேண்டும், அதில் அந்த உரையாடல் மேலிருந்து கீழ்வரை வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டேன்.

இயக்குநர் வந்தார். போன் இல்லை.

"தண்ணில வுழுந்துட்ச்சி சார். அவன் புதுசு வாங்கிகினான். பழச வெச்சிகினு இன்னா பண்ணுவான்?"

பேக்கப் இருக்குமே என்றேன். அவனுக்கு அதெல்லாம் தெரியாது என்றார். பவர்லூம்காரரைச் சாட்சியாக வரச் சொன்னேன். அவர் சங்கத்து ஆள் இல்லை, வரவேண்டிய கட்டாயம் இல்லை. விதி அப்படித்தான் சொல்கிறது. அட்டை விஷயத்தைக் கேட்டதற்கு இயக்குநர் சிரித்தார். ஊரில் டிசைனை எல்லாரும் அட்டை என்றுதான் சொல்கிறார்கள், நீங்கள் தறியில் உட்கார்ந்ததில்லை என்றார். அதுவும் உண்மைதான். நான் உட்கார்ந்தது நாற்காலியில்.

அறிக்கை பதினான்கு பக்கம் வந்தது. ஸ்கிரீன்ஷாட் திருத்தப்பட்டிருக்கலாம் என்பதற்கு வலுவான அறிகுறிகள் உள்ளன. மூல போன் இல்லாத நிலையில் அது போலி என உறுதி செய்ய இயலவில்லை. மூலமும் முன்பின் உரையாடலும் இல்லாத படத்தை ஆதாரமாக ஏற்க முடியாது. ஆகவே குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திருப்தியாகக் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை அறிக்கையை நிர்வாகம் ஏற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. காரணத்தைப் பதிவு செய்துவிட்டு மாறுபடலாம். அப்படி மாறுபடும் குறிப்புகளைப் பணிக்காலத்தில் நானே வரைந்து கொடுத்திருக்கிறேன். இவர்கள் அந்தக் காரணத்தைத் தேடி வேறெங்கும் போகவில்லை. என்னையும் அழைத்திருந்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் சங்கத் தலைவர் என் அறிக்கையையே வாசித்தார்.

"இருக்கலாம்னுதான் சார் போட்டுக்கிறீங்க. கலாம்னா இல்லாமலும் போலாம். பொய்யின்னு நீங்களே சொல்லல, நாங்க எப்பிடி சொல்றது?"

நிரூபிக்க வேண்டியவர்கள் குற்றம் சாட்டியவர்கள் என்றேன். விரிவாகவே சொன்னேன். இயக்குநர் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் தெரிந்தது, அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் அறிக்கையை. பதினான்கு பக்கத்தில் ஒரு பக்கம், அந்தப் பக்கத்திலும் ஒரு வரி. 'மூல போன் இல்லாத நிலையில் அது' வரைக்கும் முந்திய வரியில் இருந்தது, அதை வெட்டிவிட்டிருந்தார். 'போலி என உறுதி செய்ய இயலவில்லை', கீழே என் கையெழுத்து. கையெழுத்து கடைசிப் பக்கத்தில் போட்டது. இரண்டையும் சேர்த்து ஒட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். இடைவெளி கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. யாரும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. என் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் காலையில் பால் வாங்கும்போது, நல்ல தீர்ப்பு சார் என்றார்.

இரண்டாம் அறிவிப்பு, விளக்கம், இறுதி ஆணை எல்லாம் அந்தந்த நாளில் ஒழுங்காக வந்தன. பணி நீக்கம். அந்த இடத்துக்கு இயக்குநரின் உறவுக்காரப் பெண் வந்தாள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு என்னிடம் சான்று இல்லை.

மேல்முறையீட்டை நானே எழுதினேன். வெட்டி ஒட்டிய இரண்டாவது படத்தையும் இணைத்தேன். அதற்கு மூலம் என் அலமாரியிலேயே இருந்தது. அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உட்காரச் சொன்னாள், காபி கொடுத்தாள், காகிதத்தைத் தொடவில்லை.

"இது முடிய எத்தினி நாளு சார் ஆவும்?"

சொன்னேன். ஒவ்வொரு கட்டமாக, எங்கே எவ்வளவு தாமதம் ஆகும் என்று. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேலைய வுடுங்க சார். அந்தக் குரூப்புல இருக்கிற போட்டோவ மட்டும் எடுக்கச் சொல்லுங்க. என் பையன் கிளாஸ்ல கூடப் படிக்கறவங்க அம்மாங்க அல்லாரும் அதுல கீறாங்க. ஸ்கூல் வாசல்ல என்னப் பாத்தா பேச்ச நிறுத்திடறாங்க."

அதற்கும் விதி எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் எல்லார் போனிலிருந்தும் நீக்கும் அவகாசம் இரண்டு நாளோடு முடிந்துவிட்டது. போட்டவரே நினைத்தாலும் இனித் தன் போனில் மட்டும்தான் நீக்கிக்கொள்ள முடியும். இதை அவளிடம் விளக்க ஆரம்பித்தேன். பாதியில் அவள் எழுந்து டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்து கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரு டம்ளருக்கு அவ்வளவு நேரம் ஆகாது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.