கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கடிதம்

பி.எட். படிக்கப் போனபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கற்பித்தல் பயிற்சிக்குத் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அனுப்பினார்கள். என் வழிகாட்டி ஆசிரியைக்கு என்னைவிட ஐந்து வயது கம்மி. அதுவே எனக்கு உறுத்தல்.

ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தேன். முதல் பாடம் ஆறாம் வகுப்புக்கு, ஆவியாதல். நான்கு நாள் உட்கார்ந்து பாடத்திட்டம் எழுதினேன். ஆசிரியர் செயலுக்கு ஒரு கட்டம், மாணவர் செயலுக்குப் பக்கத்துக் கட்டம். அறையில் நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லி, நாற்பது நிமிடத்தில் முடித்தும் பார்த்தேன். என் மேல் எனக்கே மதிப்பு கூடிவிட்டது.

வழிகாட்டி கையெழுத்துப் போட்டால்தான் திங்கள்கிழமை வகுப்பெடுக்க முடியும். அவரிடம் கொடுத்திருந்த பாடத்திட்ட நோட்டு வெள்ளிக்கிழமை காலை திரும்பி வந்தது. கையெழுத்து இல்லை. உள்ளே மடித்த தாள் ஒன்று இருந்தது.

“அக்கா, நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன். நோக்கங்கள் தெளிவாக இருக்கின்றன, அப்படியே இருக்கட்டும். ஒரு பீரியடுக்குப் பதினாறு கேள்விகள் ஜாஸ்தி. ஆறு போதும். சார்ட்டைக் காட்டுவதற்கு முன் ஈரக் கைக்குட்டையைக் காட்டுங்கள். கரும்பலகையில் கடைசியில் மொத்தமாக எழுதாமல், பாடம் நகர நகர எழுதுங்கள். முக்கியமானது இதுதான்: மாணவர் கட்டத்தில் இருப்பதெல்லாம் சரியான பதில், எல்லாம் உங்கள் வாக்கியம். இந்த வகுப்பில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். பிள்ளைகள் தப்பாக என்ன சொல்வார்கள், அப்போது நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள். மதியம் அவர்களோடு சாப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் தனியாள் என்பதைச் சின்னப் பெண் குத்திக்காட்டுகிறாளா? நோட்டை மறுபடி புரட்டினேன். அவள் சொன்னது உண்மைதான். அழுகை வந்தது, யாரும் இல்லாததால் அழுதேன்.

அதுவரை ஆய்வுக்கூடத்தில் தனியாகச் சாப்பிட்டவள், அன்று டிபன் பாக்ஸோடு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சாப்பிடும் புங்கமரத்தடிக்குப் போனேன். பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சங்கடமாக இருந்தது. வேறு வழியில்லாமல் கேட்டேன்.

“ஈரத் துணி காயுதே, அந்தத் தண்ணி எங்க போவுது?”

“துணியே குடிச்சிடுது டீச்சர்,” என்றது ஒன்று.

“இல்ல டீச்சர், வெயிலு குடிச்சிடுது.”

“அப்ப வெயில் படாம வீட்டுக்குள்ள போட்டா?”

யோசித்தார்கள். “மழை நாள்ல எங்கம்மா உள்ளதான் போடுவாங்க. லேட்டாவும், ஆனா காஞ்சிடும்,” என்றாள் ஒருத்தி.

அன்று சாயங்காலமே அந்தப் பதில்களை மாணவர் கட்டத்தில் எழுதினேன், பத்துக் கேள்விகளை அடித்தேன். சனிக்கிழமை வழிகாட்டி படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

திங்கள்கிழமை கடைசி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்க, பாடம் தட்டுத் தடுமாறி ஓடியது. முடிவில், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். ஒரு பெண் எழுந்தாள்.

“இன்னிக்கும் எங்ககூட சாப்பிட வருவீங்களா டீச்சர்?”

வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.