பதினோரு ரூபாய்க்குக் கீழே

அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் காண்டிராக்ட் பேசப் போவதற்கு முந்தின நாள், நானும் என் கணவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். எங்களுக்கு இருந்தது என் நகையை விற்று வாங்கிய ஒரே லாரி. டீசல், டிரைவர் பேட்டா, குவாரிப் பாதையில் தேயும் டயர் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், அன்றைய விலைவாசியில் டன்னுக்குப் பதினோரு ரூபாயாவது கூலி வேண்டும். அதற்குக் குறைந்தால், ஜெயங்கொண்டத்தில் அவ்வப்போது கிடைக்கும் முந்திரி லோடிலேயே அதைவிட அதிகம் மிஞ்சும். பதினான்கில் பேச்சைத் தொடங்குவது, பதினொன்றை வாய்விட்டுச் சொல்லாமலிருப்பது, அதற்குக் கீழே என்றால் எழுந்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

மறுநாள் காண்டிராக்டர் எங்களை மத்தியானம்வரை காக்கவைத்தார். நாங்கள் பதினான்கு கேட்டோம்; அவர் ஒன்பது ரூபாயில் ஆரம்பித்துப் பத்தரை ரூபாயில் வந்து நின்றார்.

"வருஷம் பூரா வேலைம்மா. இதுக்கு மேல ஒரு பைசா கெடையாது."

லோடு தேடி அலைந்தே ஓய்ந்துபோயிருந்த என் கணவர் என் பக்கம் திரும்பி, "அரை ரூவாதானே" என்று முணுமுணுத்தார். எனக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

"அந்த அரை ரூவா வருஷம் பூரா கொறையுங்க" என்றேன்.

என் கணவர் எழுந்தார். "போயிட்டு வரோம் சார்."

யாரும் எங்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. அந்தப் பத்தரைக்கு வேறொருவருடைய லாரி ஓடியது. நாங்கள் மறுவாரமே ஜெயங்கொண்டத்தில் முந்திரி மண்டிகளின் வாசலில் நின்று லோடு கேட்டோம்.